நின்றுபோன உதவித்தொகை: காய்ச்சலில் விழுந்த வருகையைத் தேதி தேதியாகக் கணக்குக் காட்டுவது எப்படி

உடம்பு சரியில்லாமல் வகுப்புக்குப் போகாததால் வருகை குறைந்து, உதவித்தொகையை நிறுத்திவைத்திருப்பதாகக் கடிதம் வந்தால், பெரும்பாலோர் முதலில் உட்கார்ந்து உருக்கமாக ஒரு விண்ணப்பம் எழுதுவார்கள். எழுத வேண்டியதுதான், ஆனால் அது கடைசி வேலை. உதவித்தொகைப் பிரிவில் கோப்பைப் பார்ப்பவர் மூன்று ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்: வருகைப்பதிவேடு, மருத்துவத் தாள்கள், கல்லூரி தரும் கடிதம். மூன்றிலும் தேதிகள் ஒன்றுக்கொன்று பொருந்தினால் கோப்பு நகரும். ஒரு தேதி இடித்தால்கூடக் கோப்பு அப்படியே உட்கார்ந்துவிடும். நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

ஒரு மாணவியின் கணக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் அதில் போட்டுப் பார்ப்போம். கணக்குக் கற்பனைதான், இடறும் இடங்கள் எல்லாக் கோப்பிலும் வருபவை. பருவம் 80 வேலைநாட்கள், நாளுக்கு 4 பீரியட், ஆக மொத்தம் 320. உதவித்தொகை விதி 75 விழுக்காடு கேட்கிறது. அதாவது 240 பீரியட். 2025 மார்ச் 3 திங்களன்று காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தவர், மார்ச் 31 திங்களன்றுதான் வகுப்புக்குத் திரும்பினார். பருவ முடிவில் இணையப் பக்கம் 216 பீரியட், 67.5 விழுக்காடு என்று காட்டியது. மே 12 தேதியிட்ட நிறுத்திவைப்புக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அவர் அதைத் திறந்தது மே 19.

கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியவை

நிறுத்திவைப்பா, ரத்தா என்று பாருங்கள். நிறுத்திவைப்பு என்றால் உதவித்தொகை இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, பணம் மட்டும் வரவில்லை. ரத்து என்றால் மறுபடி வழங்கும்படி கேட்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் வேறு படிவம், வேறு அதிகாரி. தவறான படிவத்தில் கேட்டால், தவறென்று சொல்லவே சில வாரங்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து, எந்த விதியைச் சுட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த விதியை முழுதாக எடுத்துப் படிக்க வேண்டும். 75 விழுக்காடு மொத்த வருகைக்கா, பாடம் பாடமாகவா? இந்த வேறுபாடு பலரைக் கவிழ்த்திருக்கிறது. வாரம் ஒருமுறை வரும் ஆய்வக வகுப்பு 16 வாரத்தில் 16 முறைதான் நடக்கும். அதில் 4 போனால் சரியாக 75. ஐந்தாவது போனால் 68.75. மொத்த வருகை நன்றாக இருந்தும் ஒரே ஒரு ஆய்வகப் பாடத்தால் தொகை நிற்பது இப்படித்தான். விதி பாடம் பாடமாகப் பார்ப்பதாக இருந்தால், கீழே வரும் கணக்கையும் பாடம் பாடமாகவே போட வேண்டும்.

அதே விதிப்புத்தகத்தில் 'மருத்துவக் காரணம்' பற்றித் தனி உட்பிரிவு இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் அதன் எண்ணை விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். கோப்பைப் பார்ப்பவர் உங்களுக்குச் சாதகமாக எழுத நினைத்தாலும், எந்த விதியின் கீழ் எழுதுவது என்பது அவருக்கு வேண்டும்.

கடைசியாகக் கெடு. 'கடிதத் தேதியிலிருந்து 21 நாள்' என்பதும் 'கிடைத்த நாளிலிருந்து 21 நாள்' என்பதும் ஒன்றல்ல. நம் மாணவியின் கடிதம் முதல் வகை. மே 12-இலிருந்து எண்ணினால் ஜூன் 2-இல் முடிகிறது. கடிதத்தைத் தாமதமாகத் திறந்ததால் 7 நாள் ஏற்கெனவே போய்விட்டது. கையில் இருப்பது 14 நாள்தான்.

இரண்டு அலுவலகம், இரண்டு முடிவு

கல்லூரி வருகைக் குறைவை மன்னித்துத் தேர்வெழுத விட்டுவிட்டால், உதவித்தொகையும் தானாகத் திரும்பிவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. தேர்வெழுதலாமா என்பதைக் கல்லூரி அதன் விதிப்படி முடிவு செய்கிறது. உதவித்தொகைப் பிரிவு தொகை தருபவரின் விதியைப் பார்க்கிறது. கல்லூரியின் வரம்பு தளர்வாகவும் உதவித்தொகையின் வரம்பு கறாராகவும் இருக்கலாம்.

ஆனாலும் கல்லூரியின் முடிவு உங்களுக்கு வலுவான சான்று. 'உடல்நலக் காரணத்தை ஏற்று வருகைக் குறைவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது' என்று துறைத்தலைவரோ பதிவாளரோ எழுத்தில் தந்தால், மருத்துவத் தாள்களைப் பொறுப்பான ஒருவர் ஏற்கெனவே பார்த்து ஒப்புக்கொண்டார் என்று ஆகிறது. அதனால் கல்லூரிக் கடிதத்துக்கு முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்கும்போது தேதிகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். 'உடல்நலம் குன்றியிருந்தார்' என்று பொதுவாக எழுதிய கடிதத்தால் பெரிய பயன் இல்லை. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பது அதில் இருக்க வேண்டும்.

கடிதம் கெடுவுக்குள் கைக்கு வராது போலிருந்தால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். இருப்பதை வைத்து விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, 'துறைத்தலைவரின் கடிதத்துக்கு இந்தத் தேதியில் விண்ணப்பித்துள்ளேன், கிடைத்தவுடன் சேர்ப்பேன்' என்று ஒரு வரி எழுதி, கேட்டதற்கான சான்றையும் இணைத்துவிடலாம். குறையோடு வந்த விண்ணப்பத்துக்குப் பிறகு தாள் சேர்க்க இடம் கிடைப்பதுண்டு. கெடு தாண்டி வந்த விண்ணப்பத்தைப் பல இடங்களில் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

விழுக்காடு போதாது, பதிவேடு வேண்டும்

இணையப் பக்கத்தில் தெரியும் ஒற்றை எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது. நாள்வாரியாக, பீரியட் வாரியாக உள்ள வருகைப்பதிவைக் கேட்டு வாங்குங்கள். துறை அலுவலகத்திலோ வகுப்பு ஆலோசகரிடமோ கிடைக்கும். வாங்கியதும் மருத்துவமனையில் இருந்த நாட்களை மட்டும் முதலில் பாருங்கள்.

நம் மாணவியின் பதிவில் மார்ச் 5 அன்று இரண்டு பீரியட் 'வந்தார்' என்று இருந்தது. அன்று அவர் படுக்கையில். நல்லெண்ணத்தில் தோழி யாராவது ப்ராக்ஸி கொடுத்திருக்கலாம், ஆசிரியர் வரி மாறிக் குறித்திருக்கலாம். காரணம் எதுவானாலும் இதுதான் இந்தக் கோப்பில் இருப்பதிலேயே ஆபத்தான இரண்டு பீரியட். அலுவலகம் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பதிவேட்டையும் ஒப்பிடும்போது இது கண்ணில் படும். பட்டால் இரண்டில் ஒன்று பொய் என்ற முடிவுக்குத்தான் வருவார்கள். சந்தேகம் பெரும்பாலும் மருத்துவச் சான்றிதழ் மேல்தான் விழும்.

ஆகவே உங்களுக்குச் சாதகமான பிழையாக இருந்தாலும் நீங்களே திருத்தச் சொல்லுங்கள். சம்பந்தப்பட்ட ஆசிரியருக்கு எழுத்தில்: 'மார்ச் 5 அன்று நான் மருத்துவமனையில் இருந்தேன், அன்று இரண்டு பீரியட் எனக்கு வருகை குறிக்கப்பட்டுள்ளது, திருத்தித் தர வேண்டுகிறேன்.' யார் குறித்தார்கள் என்ற ஊகம் அந்தக் கடிதத்தில் வேண்டாம். திருத்தியபின் வருகை 216-இலிருந்து 214 ஆகிறது, விழுக்காடு 66.9. எப்படியும் 75-க்குக் கீழேதான் இருந்தோம், அதனால் இந்தத் திருத்தத்தில் நட்டம் ஒன்றுமில்லை.

இதற்கு நேர்மாறான பிழையும் இருக்கும். திரும்பி வந்த முதல் நாளில், நீண்ட விடுப்பில் இருப்பவர் என்று நினைத்துப் பெயரைக் கூப்பிடாமலே விட்டிருப்பார்கள். அன்றைய ஆய்வக ஏட்டில் கையெழுத்து இருந்தால் அதைக் காட்டி அந்த வருகையைக் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவத் தாள்கள்: எது எதை நிரூபிக்கிறது

டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவமனையில் சேர்ந்த நாளையும் வெளியே வந்த நாளையும் நிரூபிக்கும். நம் மாணவிக்கு அது மார்ச் 3 முதல் 8 வரை. ஓய்வுக்கான மருத்துவச் சான்றிதழ், வீட்டில் இருந்த நாட்களுக்கு. அதில் '14 நாள் ஓய்வு' என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும். இவருக்கு மார்ச் 9 முதல் 22 வரை. உடல்தகுதிச் சான்றிதழ், மறுபடி வகுப்புக்குப் போகலாம் என்பதற்கு. இதைப் பலர் வாங்குவதே இல்லை. ஆனால் உதவித்தொகைப் பிரிவுக்கு இது முக்கியம், ஏனென்றால் அடுத்த பருவத்திலும் இதே குறை வருமா என்ற கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது.

மருந்துக்கடை ரசீதும் பரிசோதனை முடிவும் துணைச் சான்றுகள்தான். இரண்டு மூன்று போதும். நாற்பது பக்கம் சேர்த்தால் தேதி உள்ள தாள் அந்தக் குவியலில் புதைந்துபோகும்.

இனி இடைவெளி. ஓய்வுச் சான்றிதழ் மார்ச் 22 சனிக்கிழமையோடு முடிகிறது. மாணவி திரும்பியது 31. நடுவில் 24 முதல் 28 வரை 5 வேலைநாளுக்கு எந்தத் தாளும் இல்லை. இங்கேதான் கை தவறான பக்கம் போகும்: மருத்துவரிடம் போய் அந்த வாரத்துக்கும் ஒரு சான்றிதழ் கேட்கத் தோன்றும். இரண்டு மாதம் கழித்து மே மாதத் தேதியில் 'மார்ச்சில் ஓய்வு தேவைப்பட்டது' என்று வரும் தாள், பார்த்தவுடனே தெரிந்துவிடும். பழைய தேதி போட்டு வாங்கினால் அது போலி. மாட்டினால் உதவித்தொகையோடு நிற்காது, ஒழுங்கு நடவடிக்கை வரை போகும்.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. அந்த வாரத்திலோ அதற்குச் சற்று முன்போ மறுபரிசோதனைக்குப் போயிருந்தால், புறநோயாளிச் சீட்டில் அன்றைய தேதியில் மருத்துவர் ஏதாவது எழுதியிருப்பார். 'இன்னும் ஒரு வாரம் ஓய்வு' என்ற அரை வரிகூடப் போதும். சீட்டு தொலைந்திருந்தால் மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் நகல் கேட்கலாம். பழைய பதிவைப் பார்த்து, இன்றைய தேதியில், 'எங்கள் பதிவேட்டின்படி' என்று எழுதித் தருவதும் செல்லும். எதுவுமே இல்லையென்றால் அந்த 5 நாளை விட்டுவிடுங்கள். அவை இல்லாமலே கணக்குத் தேறுகிறதா என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை.

நோயின் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், மனநலம், மகப்பேறு தொடர்பானவை போல, மருத்துவரிடம் நோயின் பெயர் இல்லாமல் 'வகுப்புக்கு வர இயலாத உடல்நிலை' என்று தேதிகளோடு எழுதித் தரக் கேட்கலாம். சில அலுவலகங்கள் அதையே ஏற்கும். ஏற்காவிட்டால், முழுத்தாளை மூடிய உறையில் குறிப்பிட்ட அதிகாரியின் பார்வைக்கு மட்டும் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

ஒரு பக்க அட்டவணை

விண்ணப்பத்தின் உயிர் இந்த ஒரு பக்கம். மாணவியின் அட்டவணை இப்படி:

மார்ச் 3–8: மருத்துவமனை. வேலைநாள் 5, பீரியட் 20. சான்று: டிஸ்சார்ஜ் சம்மரி, இணைப்பு 1.
மார்ச் 9–22: வீட்டில் ஓய்வு. வேலைநாள் 10, பீரியட் 40. சான்று: மருத்துவச் சான்றிதழ், இணைப்பு 2.
மார்ச் 24–28: வீட்டில். வேலைநாள் 5, பீரியட் 20. சான்று இல்லை, கணக்கில் கோரவில்லை.
மற்ற நாட்கள்: பீரியட் 26. உடல்நலத்தோடு தொடர்பில்லை, கோரவில்லை.

மொத்தம் வராத பீரியட் 106. வந்தது 214. கூட்டினால் 320, பதிவேட்டோடு பொருந்துகிறது.

இங்கே எண்ணுவது வேலைநாட்களை மட்டும். ஓய்வு 14 நாள் என்றாலும் அதில் வகுப்பு நடந்தது 10 நாள்தான். சனி ஞாயிறையும் விடுமுறையையும் சேர்த்து எண்ணிவிட்டு, பதிவேட்டோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்கள் உண்டு.

இப்போது விழுக்காடு. சான்றுள்ள 60 பீரியடை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். வந்ததாகச் சேர்த்தால் 214-உடன் 60, அதாவது 274. 320-இல் அது 85.6 விழுக்காடு. அந்த 60-ஐ மொத்தத்திலிருந்தே கழித்துவிட்டால் 260-இல் 214, அது 82.3. எந்த முறை என்பதை உங்கள் விதிப்புத்தகம் சொல்லும். சொல்லாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். எண் குறைவாக வரும் முறையை முதலில் போடுங்கள். அதிலேயே 75-ஐத் தாண்டுகிறது என்றால் வாதாட வேறொன்றும் இல்லை.

சான்றில்லாத வாரத்தையும் மற்ற 26 பீரியடையும் கோராமல் விட்டதால் மாணவி எதையும் இழக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றையும் நோய்க் கணக்கில் திணித்திருந்தால், சான்றுள்ள 60 பீரியடும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகியிருக்கும்.

கணக்குத் தேறாவிட்டால்? சான்றுள்ள நாட்களைச் சேர்த்தும் 73 அல்லது 74-தான் வருகிறது என்றால், 'நோயால் மட்டுமே குறைந்தது' என்று எழுதக் கூடாது. 'குறைவின் பெரும்பகுதி நோயால்' என்று எழுதி, முழு மீட்புக்குப் பதிலாக நிபந்தனையோடு கூடிய மீட்பைக் கேளுங்கள். முந்தைய பருவங்களில் வருகை நன்றாக இருந்தால் அந்தப் பதிவை இங்கே இணைப்பது உதவும்.

விண்ணப்பம்

ஒரு பக்கம் போதும். யாருக்கு, எந்தக் கடிதத்தைப் பற்றி, என்ன நடந்தது, கணக்கு என்ன, என்ன வேண்டும் என்ற வரிசையில் போகலாம்.

'மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, தங்கள் 12.05.2025 தேதியிட்ட கடிதத்தின்படி, வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்ததால் என் உதவித்தொகை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. 03.03.2025 முதல் 08.03.2025 வரை மருத்துவமனையிலும், 09.03.2025 முதல் 22.03.2025 வரை மருத்துவர் அறிவுரைப்படி ஓய்விலும் இருந்தேன். இந்நாட்களில் 60 பீரியட் வகுப்பு நடந்துள்ளது. இவற்றை நீக்கிக் கணக்கிட்டால் என் வருகை 82.3 விழுக்காடு. மார்ச் 24 முதல் 28 வரை வராததற்கு என்னிடம் சான்று இல்லை. அந்நாட்களை இக்கணக்கில் கோரவில்லை. மார்ச் 5 அன்று தவறாகக் குறிக்கப்பட்ட இரண்டு பீரியட் வருகையை என் வேண்டுகோளின்படி துறை திருத்தியுள்ளது. நிறுத்திவைப்பை நீக்கவும், நிறுத்தப்பட்ட நாளிலிருந்து உள்ள நிலுவைத் தொகையை வழங்கவும் வேண்டுகிறேன்.'

கடைசி வாக்கியத்தில் இரண்டு கோரிக்கை இருக்கிறது. நிலுவையைத் தனியாகக் கேட்காவிட்டால், உத்தரவுத் தேதியிலிருந்து மட்டும் தொகையைத் தொடங்கிவிட்டு நடு மாதங்களை விட்டுவிடுவது நடக்கும். பிறகு அதற்கு இன்னொரு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கும்.

குடும்பத்தின் பணக் கஷ்டத்தை எழுதலாமா என்று கேட்பார்கள். ஒரு வரி எழுதலாம், அதுவும் 'இந்தத் தேதிக்குள் கட்டணம் கட்ட வேண்டும்' என்பது போன்ற அவசரத்தைக் காட்டினால் மட்டும். வருகை விதியில் வறுமைக்கு இடமில்லை. கோப்பைப் பார்ப்பவர் இரங்கினாலும் அதை வைத்து எதுவும் எழுத முடியாது.

கொடுத்த பிறகு

கையால் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக, அட்டவணை முதல் பக்கமாக வரும்படி அனுப்பி, கிடைத்ததாக ஒரு பதில் கேளுங்கள். மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவிடாதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள்.

அதே நாளில் கல்லூரிக் கணக்குப் பிரிவுக்கும் ஒரு கடிதம் தேவை. உதவித்தொகை முடிவுக்காகக் காத்திருப்பதைச் சொல்லி, ஒப்புகை நகலை இணைத்து, கட்டணத்துக்கு அவகாசம் கேளுங்கள். இதை மறந்தால் உதவித்தொகை திரும்ப வருவதற்குள் தாமதக் கட்டணம் ஏறிவிடும்.

பத்து வேலைநாள் கழித்து ஒருமுறை விசாரிக்கலாம். 'என்ன ஆச்சு' என்று கேட்பதைவிட, 'ஏதாவது தாள் குறைகிறதா' என்று கேட்பது பலன் தரும். இந்தக் கேள்விக்குக் கோப்பைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இடைப்பட்ட நாட்களில் நடப்புப் பருவ வருகையில் ஓட்டை விழவிடக் கூடாது. முடிவெடுக்குமுன் இப்போதைய வருகையையும் எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு.

முழு மீட்பு வந்தால், உத்தரவில் நிலுவை பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 'அடுத்த பருவம் 80 விழுக்காடு இருக்க வேண்டும்' போன்ற நிபந்தனையோடு வந்தால், அந்த 80 மொத்தத்திலா பாடம் பாடமாகவா, எந்தத் தேதியில் கணக்கிடுவார்கள் என்பதை அப்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சான்று போதவில்லை என்பது காரணமானால் புதிய சான்றோடு மறுபரிசீலனை கேட்கலாம். விதியிலேயே இடமில்லை என்றால் அதே தாள்களோடு அதே அதிகாரியிடம் திரும்பப் போவதில் பயனில்லை. அடுத்த மேல்முறையீட்டு அதிகாரி யார், அதற்குக் கெடு எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். அந்தக் கெடு மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கியிருக்கும்.

நோய் இன்னும் தீரவில்லை, அடுத்த பருவத்திலும் வகுப்புகள் போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இந்த விண்ணப்பமே உங்களுக்கு ஏற்றதல்ல. மீட்டுக் கொடுத்த உதவித்தொகை மூன்று மாதத்தில் மறுபடி நின்றால், இரண்டாம் முறை கேட்பது கடினம். பருவத்தை ஒத்திவைத்து, உதவித்தொகையையும் அதுவரை கைவிடாமல் நிறுத்திவைக்க வழி உண்டா என்று, பருவம் தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.